சீரில்லாமல் வந்த முடி நிறம்: சலூன் உரிமையாளருக்கான கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வானதி_கோவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை, கோவையில் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சலூனில் தலைமுடி முழுவதற்கும் நிறம் ஏற்றிக்கொண்டேன். நான் கேட்டது சாம்பல் சாயலுள்ள நடுத்தரப் பழுப்பு. ஷேட் அட்டையில் அந்த இழையைத் தொட்டுக் காட்டித்தான் கேட்டேன். வந்திருப்பதோ ஒரே தலையில் மூன்று நிறங்கள். வேரை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்குச் செம்பு நிறம். அதன் கீழே ஏறக்குறைய நான் கேட்ட பழுப்பு. அதற்கும் கீழே நுனி வரை பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது. இடது காதுக்குப் பின்னால் ஒரு கற்றை முடியில் சாயம் பட்டதாகவே தெரியவில்லை.

சலூனிலிருந்து கிளம்பும்போது முடியை உலர்த்திச் சுருட்டிவிட்டார்கள். அங்கிருந்த மஞ்சள் விளக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை மொட்டைமாடி வெயிலில் நின்றபோதுதான் தெரிந்தது. தொலைபேசியில் பேசினால் வரவேற்பில் இருக்கும் பெண், "இரண்டு முறை தலைக்குக் குளித்தால் சரியாகிவிடும்" என்கிறார். ஆகவே உரிமையாளருக்கே கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். வரைவு இதுதான்:

> மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு, உங்கள் சலூனை நம்பி வந்த எனக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. 6,500 ரூபாய் கொடுத்துத் தலையைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். நிறம் கொஞ்சமும் சரியாக வரவில்லை. உங்கள் பணியாளருக்கு வேலையே தெரியவில்லை. இந்த வாரத்துக்குள் இலவசமாக முழுத் தலைக்கும் ப்ளீச் செய்து நான் கேட்ட நிறத்தைக் கொண்டுவந்து தர வேண்டும். இல்லையென்றால் இணையத்தில் எல்லா இடத்திலும் எழுதுவேன்.

கடுமை போதுமா, கூடுதலா என்று சொல்லுங்கள்.

---

நேர்மைநேசன் எழுதியது:

கடுமை போதவே போதாது. கெஞ்சிக் கேட்பதை விட்டுவிட்டு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். டில்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் சலூனில் முடியைச் சொன்ன அளவைவிடக் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்பதற்காகத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021ஆம் ஆண்டு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நினைவில்லையா? வெட்டுக்கே 2 கோடி என்றால் தலை முழுவதும் கெட்டுப்போனதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று யோசியுங்கள்.

---

சட்டப்பக்கம் எழுதியது:

நேர்மைநேசன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த 2 கோடி ரூபாய் உத்தரவை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. சேவையில் குறைபாடு இருந்தது என்ற முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய தொகைக்கு இழப்பைக் காட்டும் ஆதாரம் எங்கே என்று கேட்டது. உங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் தொகையைப் பற்றியதன்று, ஆதாரத்தைப் பற்றியது. கடிதம் பின்னால் தேவைப்பட்டால் முதல் ஆவணமாக நிற்க வேண்டும். உங்கள் வரைவில் சேவை நடந்த தேதியே இல்லை.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடான சேவைக்கான பணத்தை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித்தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதப்படும். மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆகவே பதற்றப்பட்டு இன்றைக்கே மிரட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பக் காகிதத்தில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் அதைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

சலூன்களில் நிறம் ஏற்றும் வேலையை நீண்ட காலம் செய்தேன். இப்போது அதையே கற்றுக்கொடுக்கிறேன். கடிதத்தின் கடுமையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதில் நீங்கள் கேட்டிருக்கும் ஒரு விஷயம்தான் கவலை தருகிறது: "முழுத் தலைக்கும் ப்ளீச்." உரிமையாளர் நல்லவராக இருந்து, நீங்கள் எழுதியதை அப்படியே செய்துகொடுத்துவிட்டால், இப்போது செம்பாக இருக்கும் வேர் மஞ்சளாகும், நுனி முறியும். அதன் பிறகு நீங்கள் கேட்டதைத்தான் செய்தோம் என்று அவர் சொல்ல முடியும்.

மேற்கொண்டு சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். இதற்கு முன் வீட்டில் சாயம் பூசியதுண்டா? எப்போது நிறுத்தினீர்கள்? பொடியா, கிரீமா? அதை சலூனில் சொன்னீர்களா?

---

வானதி_கோவை எழுதியது:

நரைக்காகக் கடையில் கிடைக்கும் கறுப்புக் கிரீம் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் நிறுத்திவிட்டேன். நேரம் பதிவு செய்தபோதே வாட்ஸ்ஆப்பில், "பழைய கறுப்புச் சாயம் நுனிப்பக்கம் இன்னும் இருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "பரவாயில்லை மேடம், வாங்க" என்ற பதில் இப்போதும் கைப்பேசியில் இருக்கிறது.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

அந்த ஒரு வரிப் பதில்தான் உங்கள் கடிதத்துக்கே முதுகெலும்பு. அதை வரைவில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தலையில் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள் சொன்ன அளவுகளை வைத்தே சொல்ல முடியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஓராண்டாகச் சாயம் படாமல் வளர்ந்த முடி வேரிலிருந்து 12, 13 செ.மீ. வரைக்கும் இருக்கும், அதற்குக் கீழே இருப்பது பழைய கறுப்புச் சாயம் ஏறிய முடி. ஒரு ஸ்கேலை வகிட்டில் வைத்துப் பாருங்கள், பழுப்பு முடிந்து கறுப்பு தொடங்கும் கோடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நிறம் ஏற்றும் கிரீமுக்கும் அதோடு கலக்கும் டெவலப்பர் திரவத்துக்கும் இயற்கையான கருமையைக் கொஞ்சம் வெளுக்கவைத்து, அந்த இடத்தில் புது நிறத்தை வைக்கும் சக்தி உண்டு. ஆனால் ஏற்கெனவே ஏற்றிய செயற்கைச் சாயத்தை வெளுக்க வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. எனவே நுனியில் எதுவும் நடக்காததில் வியப்பில்லை. என்ன பூசியிருந்தாலும் அது கறுப்பாகவே நின்றிருக்கும். "பரவாயில்லை, வாங்க" என்று சொல்லும் முன்பு ஒரு சிறு இழையில் பூசிப் பார்த்திருந்தால், அரை மணி நேரத்தில் அது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

வேரில் செம்பு வந்ததற்குக் காரணம் வேறு. உச்சந்தலையின் சூட்டில் வேரை ஒட்டிய முடி மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். அதனால்தான் முதல்முறை முழுத்தலைக்குப் பூசும்போது வேரை ஒரு விரற்கடை விட்டுவிட்டு நடுப்பகுதியில் தொடங்க வேண்டும். வேருக்குக் கடைசியில் வர வேண்டும். கூட்டம் அதிகமாக இருக்கும் சனிக்கிழமை மாலையில் அந்தப் பொறுமை இருக்காது. வேரிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் இழுத்துவிட்டிருப்பார்கள். காதுக்குப் பின்னால் தவறிய கற்றை வெறும் கவனக்குறைவுதான், அடர்த்தியான முடியைத் தடித்த பிரிவுகளாக எடுத்தால் உள்ளே இருப்பதில் சாயம் எட்டாது.

---

அம்புஜம்மாமி எழுதியது:

இத்தனை ரசாயனம் எதற்கு என்று தெரியவில்லை, வானதி. மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் தேயிலை டிகாக்ஷனில் குழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசிக்கொண்டால் மூன்று நிறமும் ஒன்றாகிவிடும். என் தங்கைக்கு ஒரு சலூனில் நிறம் கெட்டுப்போனபோது நான்தான் அப்படிச் சரிசெய்தேன். கடிதம் எழுதி, காத்திருந்து, அவர்களிடமே மறுபடியும் தலையைக் கொடுப்பானேன்?

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

மாமி, சலூன் பக்கமே இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு உங்கள் யோசனை பொருந்தும். மருதாணியும் அவுரியும் உண்மையில் கருமையைக் கொடுக்கும். ஆனால் திருத்தத்துக்கு நேரம் கேட்டிருப்பவர் அதைத் தொடவே கூடாது. அவுரி ஏறிய முடியைப் பின்னால் வெளுக்க முயன்றால் பச்சை தலைகாட்டும். அதைவிட முக்கியம், வீட்டில் எதையாவது பூசிவிட்டால், கெட்டது எங்களாலா உங்களாலா என்று சலூனில் கேட்பார்கள், அதற்கு வானதியிடம் பதில் இருக்காது.

---

ரமேஷ்_நெல்லை எழுதியது:

எனக்கும் இதே சிக்கல்தான். தாடியில் பூசும் சாயம் கன்னத்தில் ஏறுகிறது, மீசையில் ஏற மறுக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? கடிதம் எழுத எனக்கு உரிமையாளர் கிடையாது, பூசியவன் நானே.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

ரமேஷ் ஐயா, தனிப் பதிவு தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன். நரைத்த மீசை முரட்டு முடி என்பதால் முதலில் அங்கே பூசிவிட்டுக் கன்னத்துக்குப் பிறகு வாருங்கள் என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

---

தேன்மொழி_திருச்சி எழுதியது:

எனக்கு டோனர் போட்டே சரிசெய்தார்கள். ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் நீலச் சாயலுள்ள டோனர் போட வேண்டும், அது ஆரஞ்சை அடக்கிவிடும். அரை மணி நேர வேலைதான். ஆகவே கடிதத்தில் "எனக்கு நீல டோனர் போட்டுத்தரவும்" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

தேன்மொழி சொல்வது வேருக்குச் சரி. டோனரால் நிறத்தின் சாயலைத்தான் மாற்ற முடியும். கறுப்பை வெளிச்சமாக்க முடியாது. நுனிக்கு அது உதவாது.

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, நுனியை மேலே கொண்டுவருவது. சாயத்தை நீக்கும் கலவையையோ ப்ளீச்சையோ நுனியில் மட்டும் பயன்படுத்தி, பழைய கறுப்பைப் படிப்படியாக எடுத்து, பிறகு பழுப்பு ஏற்றுவது. ஒரே அமர்வில் முடியாது, முடியின் நலமும் தாங்க வேண்டும். இரண்டாவது வழி, மேலே இருப்பதைக் கீழே இறக்குவது. செம்பு வேரையும் நடுப்பழுப்பையும் அடர்பழுப்புக்கு இறக்கி, நுனியில் மெல்லிய கீற்றுகள் சிலவற்றை மட்டும் ஃபாயில் தாளில் சுற்றி வெளிச்சமாக்கினால், கோடு தெரியாமல் கலந்துவிடும். நீங்கள் கேட்ட சாம்பல் பழுப்பு முழுமையாக வராது. ஆனால் சேதமில்லாமல் ஒரே அமர்வில் தலை சீராகும். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

எதைக் கேட்டாலும், கடிதத்தில் மருந்தை எழுதாதீர்கள், நோயை மட்டும் எழுதுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, என்ன நிறம் என்பதை எழுதி, எப்படிச் சரிசெய்வார்கள் என்பதைப் பூசத் தொடங்கும் முன்பே உங்களிடம் விளக்கச் சொல்லுங்கள். வழி அவர்களுடையதாக இருந்தால்தான் விளைவுக்கும் அவர்களே பொறுப்பாவார்கள்.

---

பவித்ரா_வேலூர் எழுதியது:

"இந்த வாரத்துக்குள்" என்று எழுதியிருப்பதையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் இப்படித்தான் பட்டை பட்டையாக வந்தது. அன்று மாலையே திரும்பிப் போய் நின்றதும், சத்தம் போடாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்ற அவசரத்தில், அதே முடியின் மேல் மறுபடி ப்ளீச் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து நனைந்த முடியைச் சீவியபோது அது ரப்பர் நூல் போல இழுபட்டு, சீப்போடு கையில் வந்தது. நிறம் சீரானது உண்மைதான். அந்த முடி வளர்ந்து வர எனக்கு நெடுநாள் ஆயிற்று.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

பவித்ரா சொன்ன இழுபடுதல் யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய அடையாளம். நனைந்த ஒற்றை முடியை இரு கைகளிலும் பிடித்து மெல்ல இழுத்து விட்டால், கொஞ்சம் நீண்டு பழைய நீளத்துக்கே திரும்ப வேண்டும். நீண்டபடியே நின்றாலும், மாவு போல முறிந்தாலும், வெளுக்க வைக்கும் எதையும் அதன் மேல் வைக்கக் கூடாது. இரண்டு வாரம் பொறுப்பது பல சலூன்களின் வழக்கம். முடி நன்றாக இருந்து நிறத்தை இறக்குவது மட்டும் என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து.

---

மதுரைக்கண்ணாடி எழுதியது:

நான் மதுரையில் ஒரு சிறிய சலூன் வைத்திருப்பவன். இப்படிப்பட்ட கடிதங்களைப் பெறுபவனாகச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

"கொஞ்சமும் சரியாக வரவில்லை" என்ற வாக்கியத்தைப் படித்தவுடன், இவர் மனம் மாறி வேறு நிறம் கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படிப்பட்டவர்களும் நிறையவே வருவார்கள். ஆனால், "இடது காதுக்குப் பின்னால் சாயம் படாத கற்றை" என்று படித்தால் எனக்கு வாதம் இல்லை. அது வேலையில் விட்ட குறை, உடனே கூப்பிடுவேன்.

பெரும்பாலான சலூன்களில் முதலில் எடுத்து வீசும் பதில் தண்ணீர். "உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீரா மேடம்? உப்புத் தண்ணீரில் கலர் நிற்காது." நானும் சொன்னதுண்டு. உப்புத் தண்ணீர் நிறத்தை மங்கவைக்கும் என்பதும் பொய்யன்று. ஆனால் தண்ணீர் தலை முழுவதும்தான் படும். ஒரு விரற்கடையில் கோடு போட்டு நிறுத்தாது. அந்தப் பதில் வரும் முன்பே கடிதத்தில் இதற்கு இடமில்லாமல் எழுதிவிடுங்கள்: எத்தனை முறை குளித்தீர்கள், படம் எப்போது எடுத்தது என்பதைச் சொன்னால் போதும்.

படங்களைக் காலை வெளிச்சத்தில், ஃபிளாஷும் ஃபில்டரும் இல்லாமல், எண்ணெய் வைக்காத உலர்ந்த முடியில் எடுங்கள். வகிடு தெரியும்படி ஒன்று, முதுகுப்பக்கம் விரித்துவிட்டு ஒன்று, காதுக்குப் பின்னால் சீப்பால் பிரித்துப் பிடித்து ஒன்று. மூன்று போதும். முப்பது படம் அனுப்பினால் ஒன்றையும் பார்க்க மாட்டோம்.

கடைசியாக, "பணியாளருக்கு வேலையே தெரியவில்லை" என்பதை எடுத்துவிடுங்கள். அந்த வரியைப் படிக்கும் உரிமையாளர் தவறு எங்கே என்று தேட மாட்டார், அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்.

---

வானதி_கோவை எழுதியது:

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது, ஒரே நேரத்தில் மூன்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தொல்லை வர வேண்டாம். ஆனால் மறுபடியும் அவரிடமே தலையைக் கொடுக்கவும் தயக்கமாக இருக்கிறது. வேறொருவர் செய்ய வேண்டும் என்று கேட்கலாமா?

---

மதுரைக்கண்ணாடி எழுதியது:

கேட்காதீர்கள் என்பேன். முதலில் பூசியவருக்குத்தான் என்ன கலந்தார், எவ்வளவு நேரம் வைத்தார் என்பது தெரியும். தன் கைப்பிழையைச் சரிசெய்யும் அக்கறையும் அவருக்கே அதிகம் இருக்கும்.

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

இதில் நான் மாறுபடுகிறேன். நிறம் ஏற்றுவது ஒரு வேலை, கெட்ட நிறத்தைத் திருத்துவது வேறு வேலை. மூன்று நாற்காலிகளுக்கு நடுவில் ஓடும் கற்றுக்குட்டியிடம் இரண்டாவதைக் கொடுக்கக் கூடாது. அவர் கலந்தது என்ன என்பது வாடிக்கையாளர் அட்டையில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அது இன்னொரு குறை. ஷேட் எண்ணும் டெவலப்பரின் வலிமையும் எழுத்தில் வேண்டும் என்று வானதி கேட்கட்டும். 20 வால்யூமா 30 வால்யூமா என்று தெரிந்தால்தான் வேர் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்பதை அடுத்து கைவைப்பவர் கணிக்க முடியும், அது அதே சலூனாக இருந்தாலும் வேறு சலூனாக இருந்தாலும்.

---

மதுரைக்கண்ணாடி எழுதியது:

அட்டையில் எழுதும் சலூன்கள் கோவையில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மதுரையில் குறைவு. மூத்தவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்டால் போதும் என்பதே இப்போதும் என் எண்ணம்.

---

நேர்மைநேசன் எழுதியது:

உச்ச நீதிமன்ற விஷயத்தைத் திருத்தியதற்கு சட்டப்பக்கத்துக்கு நன்றி. ஆனாலும் ஒன்று புரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்பதும் திருத்தம் கேட்பதும் ஒரே கடிதத்தில் வரக் கூடாதா? திருத்தமும் சரியாக வராவிட்டால் அப்போது கேட்க உரிமை போய்விடாதா?

---

சட்டப்பக்கம் எழுதியது:

போகாது. திருத்தத்துக்கு ஒப்புக்கொள்வது புகாரைக் கைவிடுவது ஆகாது. ஆனால் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. சரியாக வராவிட்டால் தொகையைத் திருப்பித்தர வேண்டும் என்று எழுதலாம். இணையத்தில் எழுதுவேன் என்ற மிரட்டல் மட்டும் வேண்டாம். அதைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இலவசமாகச் செய்துகொடு, இல்லையென்றால் எழுதுவேன் என்று பேரம் போல வைத்தால் படிப்பவருக்கு வேறு விதமாகப் படும். ரசீதில் "கட்டணம் திருப்பித்தரப்படாது" என்று அச்சிட்டிருந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, குறைபாடான சேவையை அந்த ஒரு வரி காப்பாற்றிவிடாது. கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, அச்செடுத்து நேரிலும் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சல் இருக்கிறது. பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பாருங்கள். பல சமயம் அந்த அழைப்பிலேயே நிறுவனங்கள் இறங்கிவருகின்றன.

---

வானதி_கோவை எழுதியது:

ஸ்கேல் வைத்து அளந்தேன். கறுப்பு தொடங்கும் கோடு 13 செ.மீ.யில் இருக்கிறது. செல்வி அக்கா சொன்னது அப்படியே சரி. நனைந்த முடியையும் இழுத்துப் பார்த்தேன், திரும்பிக்கொள்கிறது. எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். நிலையத்தின் பெயரை மட்டும் இங்கே எடுத்துவிட்டேன்.

> பெறுநர்: உரிமையாளர் அவர்கள்
>
> பொருள்: 08.03.2025 அன்று செய்துகொண்ட முடி நிறம் சீராக அமையாதது குறித்தும், திருத்துவதற்கு நேரம் ஒதுக்கித்தருமாறு கோரியும்.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> 08.03.2025 சனிக்கிழமை மாலை தங்கள் நிலையத்தில் தலைமுடி முழுவதற்கும் நிறம் ஏற்றிக்கொண்டு 6,500 ரூபாய் செலுத்தினேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன். ஷேட் அட்டையில் நான் தெரிவு செய்தது சாம்பல் சாயலுள்ள நடுத்தரப் பழுப்பு. நுனிப்பகுதியில் பழைய கறுப்புச் சாயம் இருப்பதை நேரம் பதிவு செய்தபோதே வாட்ஸ்ஆப் வழியாகத் தெரிவித்தேன். பரவாயில்லை, வரலாம் என்று தங்கள் நிலையத்திலிருந்து பதில் வந்தது. அந்த உரையாடலின் படத்தையும் இணைத்துள்ளேன். நிறம் ஏற்றும் முன் எந்த இழையிலும் சோதனை செய்து பார்க்கப்படவில்லை.
>
> மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது நிறம் பின்வருமாறு இருந்தது. வேரை ஒட்டி ஏறக்குறைய 2 செ.மீ. அகலத்துக்குச் செம்பு நிறமும், அதன் கீழே 13 செ.மீ. வரை பழுப்பும், அதற்குக் கீழே நுனி வரை மாற்றமில்லாத கறுப்பும் காணப்படுகின்றன. இடது காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் சாயம் படவில்லை. இணைத்துள்ள மூன்று படங்களும் 09.03.2025 காலை, தலைக்குக் குளிக்கும் முன்பு எடுத்தவை. அதன் பின்னர் வீட்டில் வேறு எந்தச் சாயமும் பூசவில்லை.
>
> இதனைச் சரிசெய்வதற்கு, கட்டணமின்றி ஒரு நேரத்தை ஒதுக்கித்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் குறைவாக உள்ள வாரநாளின் முற்பகலாக அது இருந்தால் நல்லது. நிறத் திருத்தத்தில் அனுபவமுள்ள ஒருவர் முதலில் முடியைப் பார்த்து, ஓர் இழையில் சோதித்து, என்ன செய்யப்போகிறார் என்பதையும் அது எத்தனை அமர்வுகளில் முடியும் என்பதையும் எனக்கு விளக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். முடிக்குச் சேதமின்றித் தலை முழுவதும் சீரான நிறம் அமைவதே எனக்கு முக்கியம். அதற்காக, முதலில் கேட்டதைவிட அடர்ந்த பழுப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.
>
> அன்று பயன்படுத்திய ஷேட் எண்ணையும் டெவலப்பரின் வலிமையையும் எழுத்தில் தெரிவிக்கவும். இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். திருத்தம் செய்ய இயலாவிட்டாலோ, செய்த பின்னும் நிறம் சீராக அமையாவிட்டாலோ, செலுத்திய தொகையைத் திருப்பித்தருமாறு கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.
>
> அன்று எனக்கு நிறம் ஏற்றியவர் ஒரே நேரத்தில் வேறு வாடிக்கையாளர்களையும் கவனிக்க வேண்டியிருந்தது. இக்கடிதம் அவர்மீதான தனிப்பட்ட புகார் அன்று.
>
> இப்படிக்கு,
> வானதி

---

ஒப்பனைக்கூடம்_செல்வி எழுதியது:

"அனுபவமுள்ள ஒருவர்" என்று எழுதி எங்கள் இருவர் சண்டையையும் லாவகமாகத் தாண்டிவிட்டீர்கள். அனுப்பிவிடுங்கள். போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், உச்சியில் புண்ணோ எரிச்சலோ இருந்தால் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

---

பவித்ரா_வேலூர் எழுதியது:

"கட்டணமின்றி" என்பதில் ஒரு சந்தேகம். எத்தனை அமர்வுகள் ஆனாலும் கட்டணமின்றியா, முதல் அமர்வு மட்டுமா? ஃபாயிலுக்குத் தனியாகப் பணம் கேட்டால் என்ன செய்வது?

---

வானதி_கோவை எழுதியது:

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கிவந்தேன். இன்று உரிமையாளரே அழைத்தார். படங்களைப் பார்த்ததாகவும், காதுக்குப் பின்னால் விட்டுப்போனதற்கு வருந்துவதாகவும் சொன்னார். அடுத்த புதன்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய இன்னொரு கிளையிலிருந்து மூத்த ஸ்டைலிஸ்ட் ஒருவர் வருவாராம். வேரை இறக்குவது கட்டணமில்லை. ஆனால் நுனி பழைய சாயத்தால் வந்தது, எங்கள் தவறன்று, அங்கே ஃபாயில் வைக்க 2,000 ரூபாய் ஆகும் என்கிறார். பவித்ரா கேட்டது போலவே ஆகிவிட்டது. ஷேட் எண்ணைத் தேடிச் சொல்கிறேன் என்றார், இன்னும் வரவில்லை.

---

மதுரைக்கண்ணாடி எழுதியது:

நியாயமாகப் பார்த்தால் பாதிப் பங்கு அவருடையது. பழைய சாயம் உங்களுடையது. அதைத் தெரிந்துகொண்டே "பரவாயில்லை" என்றது அவர்கள். 1,000 ரூபாய்க்குப் பேசிப் பாருங்கள்.

---

சட்டப்பக்கம் எழுதியது:

நான் பாதியும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். நுனி மாறாது என்று அன்றே சொல்லியிருந்தால் வானதி 6,500 ரூபாய் கொடுத்து முழுத் தலைக்கும் செய்துகொண்டிருப்பாரா என்பதுதான் கேள்வி. எப்படி முடிவெடுத்தாலும், தொலைபேசியில் பேசியதை இன்றே ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாக அவருக்கு அனுப்பிவையுங்கள்: புதன்கிழமை 11 மணி, மூத்த ஸ்டைலிஸ்ட், வேர்த் திருத்தம் கட்டணமின்றி, நுனியின் கட்டணம் இன்னும் முடிவாகவில்லை.

---

வானதி_கோவை எழுதியது:

அப்படியே அனுப்பிவிட்டேன். "ஓகே மேடம், நேரில் வாங்க, பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்திருக்கிறது. ஃபாயில் வேண்டுமா என்பதை, சோதனை இழையைப் பார்த்த பிறகு புதன்கிழமை அங்கேயே முடிவு செய்கிறேன். அதுவரை வேரை மறைக்க வகிட்டை மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.